பிரியாணி சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்து விளையாடலாம்? ஒரு மணி நேரம் ஏன் போதாது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு மட்டன் பிரியாணி. கூடவே சிக்கன் 65, வெங்காயப் பச்சடி, கத்திரிக்காய் தொக்கு, கடைசியில் ஒரு கூல்டிரிங்ஸ். நாலு மணிக்கு டர்ஃப்ல ஃபுட்பால் ஸ்லாட் புக் பண்ணியாச்சு. நடுவில் இரண்டரை மணி நேரம் இருக்கே, போதாதா?

போதாது என்பதுதான் பதில். இப்படி ஒரு சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டம், ஃபுட்பால், பேட்மின்டன், ஜிம்மில் கனமான வெயிட் தூக்குவது போன்ற கடுமையான உடற்பயிற்சிக்கு 3 முதல் 4 மணி நேரம் இடைவெளி தேவை. அந்த ஸ்லாட்டை ஐந்தரை, ஆறு மணிக்கு மாற்றினால் வயிறு நன்றி சொல்லும்.

'சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு விளையாடு' என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருப்போம். அது இரண்டு இட்லிக்குக்கூட சற்றுக் குறைவான கணக்கு. பிரியாணிக்குச் சுத்தமாகப் பொருந்தாது. ஏன் என்று பார்க்க, முதலில் இரைப்பைக்குள் போக வேண்டும்.

இரைப்பை அவசரப்படாது

நாம் சாப்பிட்ட சோறும் கறியும் இரைப்பையில் விழுந்ததும் அடுத்த நிமிடமே குடலுக்குப் போய்விடாது. இரைப்பை அதை அமிலத்தோடு சேர்த்துப் பிசைந்து, மாவு போலக் கரைக்கும். இரைப்பையின் கீழே ஒரு வாசல் இருக்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் பெரிய துண்டை அது சாதாரணமாக வெளியே விடாது. பெரிதாக இருந்தால் திருப்பி அனுப்பி, மறுபடி அரைக்கச் சொல்லும். அதனால் திட உணவு சாப்பிட்ட முதல் 20, 30 நிமிடங்களுக்குக் குடலுக்குப் போவது மிகக் குறைவு. தண்ணீர் மட்டும் குடித்தால் கதை வேறு. அதில் பாதி, பதினைந்து இருபது நிமிடத்திலேயே கீழே இறங்கிவிடும்.

இதைக் கண்ணால் பார்த்தே எழுதி வைத்தவர் ஒருவர் இருக்கிறார். 1822-ல் அமெரிக்காவின் மேக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் மீது துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் வயிற்றில் ஏற்பட்ட ஓட்டை முழுவதும் மூடவே இல்லை. சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், அந்த ஓட்டை வழியாக உணவுத் துண்டுகளை நூலில் கட்டி உள்ளே விட்டு, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்தார். (இன்றைக்கு எந்த மருத்துவமனையும் இதற்கு அனுமதி தராது என்பது வேறு விஷயம்.) 1833-ல் வெளியான அவரது புத்தகத்தில், இறைச்சியும் ரொட்டியும் சேர்ந்த ஒரு மிதமான சாப்பாடு இரைப்பையை விட்டுப் போக 3 முதல் மூன்றரை மணி நேரம் ஆகும் என்று எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட 200 ஆண்டுகள் ஆகியும் அந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை.

இன்றைக்கு மருத்துவமனைகளில் இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று பார்க்க ஒரு ஸ்கேன் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு, இரண்டு துண்டு பிரெட், கொஞ்சம் ஜாம், தண்ணீர் கொடுப்பார்கள். முட்டையில் மிகக் குறைந்த அளவு கதிரியக்கப் பொருள் கலந்திருக்கும். அது எங்கே இருக்கிறது என்பதை கேமரா காட்டும். மொத்தமே சுமார் 250 கலோரிதான், கொழுப்பும் கிட்டத்தட்ட இல்லை. அப்படியும், 2 மணி நேரம் கழித்து 60 சதவீதம் வரை இரைப்பையிலேயே இருந்தால் அது நார்மல் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். 4 மணி நேரத்தில் 10 சதவீதத்துக்குள் வந்துவிட வேண்டும்.

வெறும் முட்டையும் பிரெட்டும் இவ்வளவு நேரம் எடுக்கிறதென்றால், மட்டன் பிரியாணி?

பிரியாணிக் கணக்கு

சாப்பாட்டின் அளவு, கலோரி, கொழுப்பு மூன்றும் இந்த நேரத்தை நீட்டுகின்றன. இதில் கொழுப்புதான் பெரிய பிரேக். நெய்யும் எண்ணெயும் கலந்த கூழின் முதல் பங்கு சிறுகுடலைத் தொட்டதும், குடல் 'கோலிசிஸ்டோகைனின்' என்ற ஹார்மோனை வெளியிடும். அது இரைப்பைக்குப் போகும் தகவல் மாதிரி: 'மெதுவா அனுப்பு, இங்க வேலை அதிகம்'. பிரியாணி சாப்பிட்டால் ராத்திரி வரைக்கும் பசிக்காமல் 'திம்'முன்னு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோராயமாகச் சொன்னால், இரைப்பை நிமிடத்துக்கு 2 முதல் 3 கலோரி அளவுக்குத்தான் குடலுக்குள் உணவை அனுப்புகிறது. இப்போது நம் ஞாயிற்றுக்கிழமைத் தட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு முழு பிளேட் பிரியாணி, 65, கூல்டிரிங்ஸ் எல்லாம் சேர்த்து 1,000 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். சில கடைகளின் பிளேட் இதையும் தாண்டும். ஒன்றரைக்குச் சாப்பிட்டு, நாலு மணிக்குக் களமிறங்கினால் 150 நிமிடம். அதற்குள் இறங்கியிருப்பது 300 முதல் 450 கலோரி. அதாவது நீங்கள் முதல் பாஸ் போடும்போது பாதிக்கும் மேல் பிரியாணி இன்னும் இரைப்பையிலேயே இருக்கிறது.

ஐந்தரை மணி என்றால்? 240 நிமிடத்தில் 480 முதல் 720 கலோரி. முழுசாகக் காலியாகி இருக்காது. ஆனால் மிச்சம் இருப்பது நன்றாகக் கரைந்த கூழ், அளவும் ஏறக்குறைய பாதி அல்லது அதற்குக் கீழே. பெரும்பாலானவர்களுக்கு ஓடினாலும் தொந்தரவு தராத நிலை அது. 3 முதல் 4 மணி நேரம் என்ற பரிந்துரைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். இரைப்பை துடைத்து வைத்ததுபோல ஆக வேண்டும் என்று அவசியம் இல்லை. குலுங்குகிற அளவுக்கு எதுவும் இல்லாமல் இருந்தால் போதும்.

ரத்தம் யாருக்கு?

'சாப்பிட்டதும் ரத்தம் எல்லாம் வயித்துக்குப் போயிடும், அதனால காலுக்கு ரத்தம் இருக்காது' என்ற விளக்கத்தை அடிக்கடி கேட்கலாம். இது பாதி சரி, பாதி தவறு.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை இரைப்பை, குடல், கல்லீரல் பக்கம் போகும். கனமாகச் சாப்பிட்டால் குடலுக்குப் போகும் அளவு இரண்டு மடங்கு வரைக்கும்கூட உயரும். இது சில நிமிடத்தில் முடிகிற விஷயமும் இல்லை. சாப்பாடு பெரிதாக இருந்தால் மணிக்கணக்கில் நீடிக்கும்.

இப்போது முழு வேகத்தில் ஓட ஆரம்பித்தால் இதயம் 20 லிட்டருக்கும் மேல் தள்ளும். அதில் பெரும்பங்கு தசைகளுக்கு. நரம்பு மண்டலம் குடலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, அங்கே போகும் ரத்தத்தைத் திருப்பிவிடும். மிகக் கடுமையான பயிற்சியில் குடலுக்கான ரத்தம், ஓய்வில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் குறையலாம்.

இந்தப் போட்டியில் ஜெயிப்பது கால்கள்தான். தோற்பது வயிறு. அதனால்தான் 'நீச்சல் அடிக்கும்போது கை கால் இழுத்துக்கிட்டு மூழ்கிடுவாங்க' என்ற பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு நீந்துவதால் மூழ்கும் ஆபத்து கூடுகிறதா என்று அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் நிபுணர் குழு ஆய்வுகளைத் தேடிப் பார்த்து, அப்படிச் சான்று இல்லை என்றுதான் சொன்னது.

ஆனால் வயிறு தோற்பதன் விளைவு நமக்கு நன்றாகவே தெரியும். செரிமானத்துக்கு நடுவில் ரத்தம் குறைந்த குடல் முரண்டு பிடிக்கும். குமட்டல், வயிற்றுப் பிசைவு, சிலருக்கு அவசரமாக டாய்லெட் தேட வேண்டிய நிலை. இன்னொரு சிக்கல், ஓரளவுக்கு மேல் கடுமையாகப் பயிற்சி செய்தால் இரைப்பை காலியாகும் வேகமே குறைந்துவிடும். பேசக்கூட முடியாமல் மூச்சு வாங்குகிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'விளையாடினா சீக்கிரம் ஜீரணமாகும்' என்று இறங்குபவர்கள் உண்மையில் ஜீரணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள்.

விலாவில் குத்துகிற வலி

ஓடிக்கொண்டிருக்கும்போது விலா எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் வலது பக்கம், 'சுருக்'கென்று குத்தும். 'வயிறு பிடிச்சுக்கிச்சு' என்போம். இது ஏன் வருகிறது என்பதில் முழு உடன்பாடு இல்லை. உதரவிதானத்துக்கு ரத்தம் குறைவதால் என்றார்கள். நிறைந்த இரைப்பையும் கல்லீரலும் தம்மைத் தாங்கும் தசைநார்களை இழுப்பதால் என்றார்கள். இந்த வலியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேரன் மோர்ட்டன் போன்றவர்கள், வயிற்றின் உட்சுவரை ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு உரசி எரிச்சலடைவதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். சில நேரம் இதே வலி தோள் நுனியிலும் தெரிவதற்கு இந்த விளக்கம் பொருந்துகிறது.

காரணம் எதுவானாலும், வயிறு நிறைய சாப்பிட்டதும் சர்க்கரை அதிகமுள்ள ஜூஸ், கூல்டிரிங்ஸ் குடித்ததும் இதைத் தூண்டும். வலி வந்தால் வேகத்தைக் குறையுங்கள் அல்லது நின்றுவிடுங்கள். முன்னால் குனிந்து, வலிக்கிற இடத்தைக் கையால் அழுத்தி, மூச்சை நிதானமாக வெளியே விடுங்கள். பொதுவாகச் சில நிமிடத்தில் அடங்கிவிடும்.

கூடவே நெஞ்செரிச்சலும் வரலாம். நிறைந்த இரைப்பை, குலுக்கல், வயிற்றை இறுக்குகிற அசைவுகள் எல்லாம் சேர்ந்தால் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறும். ஃபுட்பாலைவிட ஜிம்மில் ஸ்குவாட், சிட்-அப் செய்பவர்களுக்கு இது அதிகத் தொல்லை. ஏப்பத்தில் மசாலா வாசனை வருகிறதா? அப்படியென்றால் சாப்பாடு இன்னும் மேலேதான் இருக்கிறது. கடிகாரத்தைவிட நம்பகமான அடையாளம் அது.

எல்லாமே 'கேஸ்' இல்லை

கனமான சாப்பாட்டுக்குப் பிறகு ஓடும்போது நெஞ்சு இறுகினால், நம்மூரில் முதலில் வருகிற வார்த்தை 'கேஸ்'. ஒரு சோடாவோ, வாயு மாத்திரையோ போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்பவர்கள் நிறைய. நாற்பது வயதைக் கடந்தவர்களும், சுகர், பிபி, புகைப்பழக்கம் உள்ளவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இதயத் தசைக்குப் போதுமான ரத்தம் கிடைக்காமல் வரும் வலிக்கு 'ஆஞ்சைனா' என்று பெயர் வைத்து முதலில் விரிவாக விவரித்தவர் வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1772-ல் அச்சான அந்தக் கட்டுரையிலேயே, நடக்கும்போது, அதிலும் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நடக்கும்போது, இந்த வலி வருவதை அவர் குறிப்பிடுகிறார். இ.சி.ஜி. இல்லாத காலம். நோயாளிகள் சொன்னதைக் கவனமாகக் கேட்டே கண்டுபிடித்தது.

காரணம் மேலே பார்த்ததுதான். சாப்பிட்ட பிறகு குடலின் தேவைக்காக இதயம் ஏற்கெனவே சற்றுக் கூடுதலாக வேலை செய்துகொண்டிருக்கும். அதன் மேல் ஓட்டத்தின் சுமையும் ஏறுகிறது. ரத்தக் குழாய் சுத்தமாக இருந்தால் இதயம் இதைச் சமாளித்துவிடும். அடைப்பு இருந்தால், வெறும் வயிற்றில் வராத வலி, சாப்பிட்ட பிறகு அதே தூரத்தில் வந்துவிடும். சாப்பாட்டோடு சேர்ந்து வருவதால்தான் இதை 'கேஸ்' என்று நம்பிவிடுகிறோம்.

எப்படி அடையாளம் காண்பது? விலா வலி ஒரு புள்ளியில் கூர்மையாகக் குத்தும், மூச்சை இழுத்தால் கூடும். இதய வலி பெரும்பாலும் நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போல, இறுக்கிப் பிடித்தது போல இருக்கும். இடது கை, தாடை, முதுகு என்று பரவலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் சேரலாம். பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமல், மூச்சுத்திணறலும் குமட்டலும் சோர்வும் மட்டும் வருவதும் உண்டு. ஆகவே இந்த வித்தியாசத்தை வைத்து நாமே தீர்ப்பு எழுத முடியாது.

இப்படி வந்தால் உடனே விளையாட்டை நிறுத்தி உட்கார வேண்டும். சில நிமிடத்தில் குறையவில்லை என்றாலோ, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தாலோ 108-க்கு போன் செய்யுங்கள். நண்பர் பைக்கில் கூட்டிப்போக வேண்டாம். ஓய்வெடுத்ததும் சரியாகிவிட்டது, ஆனால் அடுத்த முறை ஓடும்போதும் அதே மாதிரி வருகிறது என்றால், அது வயிற்று டாக்டரிடம் தொடங்க வேண்டிய விஷயம் இல்லை. இதயப் பரிசோதனை தேவை.

ஸ்லாட்டை மாற்ற முடியாதா? தட்டை மாற்றுங்கள்

நாலு மணி ஆட்டம் உறுதி என்றால், மதியச் சாப்பாட்டை அதற்கேற்பச் சுருக்க வேண்டியதுதான். அரை பிளேட் பிரியாணி, 65 வேண்டாம், கூல்டிரிங்ஸுக்குப் பதில் தண்ணீர். கறியைக் குறைத்துச் சோறு, பச்சடியோடு நிறுத்தினால் இன்னும் நல்லது. மீதியை ராத்திரிக்கு எடுத்து வைக்கலாம். ஆறிப்போன பிரியாணிக்கு ரசிகர்கள் தனி.

மற்ற சாப்பாடுகளுக்கும் இதே தர்க்கம்தான். ஆவியில் வெந்த, எண்ணெய் இல்லாத மூன்று இட்லியும் சாம்பாரும் என்றால் ஒன்றரை முதல் 2 மணி நேரம் போதும். பூரி கிழங்கு, பொங்கல் வடை, நெய் ரோஸ்ட் எல்லாம் பார்க்க டிபன் என்றாலும், எண்ணெய்க் கணக்கில் பிரியாணிக்குப் பக்கத்து வீடு. 3 மணி நேரம் கொடுங்கள். ஒரு வாழைப்பழம் சாப்பிட்டால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் இறங்கலாம். சிலருக்கு வயிறு இதைவிட வேகமாக ஒத்துழைக்கும், சிலருக்கு மெதுவாக. இரண்டு மூன்று வாரம் கவனித்தாலே உங்கள் நேரம் தெரிந்துவிடும்.

இன்சுலினோ, சுகரைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் மட்டும் இந்த நேரக் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவர்களுக்கு இடைவெளி நீண்டால் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கிவிடக்கூடும். மருந்து நேரத்தோடு சேர்த்து டாக்டரிடம் கேட்டு முடிவு செய்வதே சரி.

அப்போ, சாப்பிட்டதும் நடக்கலாமா?

தாராளமாக. காத்திருக்கச் சொல்வது மூச்சு வாங்குகிற பயிற்சிக்குத்தான். பேசிக்கொண்டே போகக்கூடிய 10, 15 நிமிட மெது நடை குடலின் ரத்தத்தைப் பறிப்பதில்லை. இரைப்பை காலியாவதையும் தடுப்பதில்லை. சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரையை அது ஓரளவு கட்டுப்படுத்தும். போமான்ட்டும் லேசான உடற்பயிற்சி செரிமானத்துக்கு உதவுகிறது என்றே எழுதினார். இதய வலி பற்றி மேலே சொன்னது பொருந்துகிறவர்கள் மட்டும் இதையும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். பிரியாணி சாப்பிட்டதும் படுக்கையில் சாய்வதைவிட, தெருமுனை வரை ஒரு நடை போய் வருவது நாலு மணி ஆட்டத்துக்கும் நல்லது. படுத்தால் அமிலம் மேலே ஏற வழி கிடைக்கிறது.

இறால் பிரியாணி என்றால் ஒரு எச்சரிக்கை

அரிதான, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. சிலருக்கு இறால், நண்டு அல்லது கோதுமை உணவைச் சாப்பிட்டால் மட்டும் ஒன்றும் ஆகாது. வெறுமனே ஓடினாலும் ஒன்றும் ஆகாது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் ஓடினால் மட்டும் உடல் முழுக்கத் தடிப்பு, அரிப்பு, முகம் வீங்குதல், மூச்சுத்திணறல், மயக்கம் என்று ஒவ்வாமை கிளம்பும். மருத்துவ இதழில் இது முதலில் பதிவானது 1979-ல், சிப்பி வகை கடல் உணவு சாப்பிட்டு ஓடிய ஒருவருக்கு. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை போட்டிருந்தால் இது இன்னும் எளிதாகத் தூண்டப்படும்.

விளையாடும்போது காரணமே தெரியாமல் உடம்பெல்லாம் தடித்து அரித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், அன்றைக்கு அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். உறுதியானால், அந்த உணவுக்குப் பிறகு 4 முதல் 6 மணி நேரம் வரை உடற்பயிற்சி கூடாது என்று சொல்வார்கள். அந்த நாளில் பிரியாணிக் கணக்கு செல்லாது. தடிப்போடு மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் 108-தான்.